விருந்தில் பக்கத்து நாற்காலி

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்புக்கு இரண்டு நாள் முன்பாக இறுதியாண்டு மாணவர்கள் எல்லோரும் வளாகத்தில் இருக்கும் பெரிய தேவாலயத்தில் கூடுவார்கள். பேக்கலாரியேட் என்று அந்த விழாவுக்குப் பெயர். பல சமயங்களின் பிரார்த்தனைகள் வாசிக்கப்படும், பாட்டு இருக்கும், கடைசியில் வெளியிலிருந்து வந்த ஒருவர் பேசுவார். நம் கல்லூரிகளில் நடக்கும் பிரிவு உபசார விழாவின் இடத்தில் அங்கே இருப்பது இதுதான். 2012 ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை, அங்கே பேச வந்தவர் எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ். 1982-ல் அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்.

பேச்சு நீளமில்லை. ஆனால் பழைய மாணவர் ஒருவர் மேடையேறினால் வழக்கமாக என்ன சொல்வாரோ, அதை அவர் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு முன்பு தன் விழாவில் யார் பேசினார் என்பதே தனக்கு நினைவில்லை என்று தொடங்கினார். பட்டம் வாங்கிய நாளில் சந்தோஷப்படவில்லை, கல்லூரி தன்னை வெளியே தள்ளுகிறது என்று கோபம்தான் வந்தது என்றார். கலை வரலாறு படித்தவன், வெளியுலகுக்கு என்னால் காசு பெறுமான உபயோகம் எதுவும் இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்டவன் எப்படிப் பணமும் பெயரும் உள்ளவன் ஆனேன் என்பதைச் சொல்கிறேன், ஒரு மனிதனின் தொழில் வாழ்க்கை எவ்வளவு புதிரானது என்பது வேலைக்குப் போகும் முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன கதையை நிதானமாகப் பார்ப்பது நல்லது. நேர்கோட்டில் போகாத தொழில் வாழ்க்கை எந்த இடத்தில் திரும்புகிறது, யார் கையால் திரும்புகிறது, திரும்புவதற்கு என்ன செலவாகிறது என்பதை இவ்வளவு விவரமாகச் சொன்ன பிரிவு உபசாரப் பேச்சுகள் குறைவு.

பிரின்ஸ்டனில் இளங்கலை முடிக்க ஆய்வேடு ஒன்று எழுத வேண்டும். லூயிஸ் எடுத்துக்கொண்டது 15-ஆம் நூற்றாண்டின் இத்தாலியச் சிற்பி டொனாட்டெல்லோ. கிரேக்க, ரோமானியச் சிற்பங்களிலிருந்து அவர் எதை எடுத்துக்கொண்டார் என்பது ஆய்வு. வழிகாட்டியவர் வில்லியம் சைல்ட்ஸ் என்ற தொல்லியல் பேராசிரியர். எழுத எழுத லூயிஸுக்கு அதில் பித்துப் பிடித்துவிட்டது. முடிக்கும்போது, வாழ்நாள் முழுக்க இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் போதும் என்று முடிவே செய்துவிட்டார். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஆய்வைப் பற்றி நிறையப் பேசினார், எழுத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுத்து எப்படி இருக்கிறது என்று மாணவரே கேட்டார். அதை நம்பிப் பிழைக்கப் போய்விடாதே என்ற பொருளில் பதில் வந்தது.

என்ன செய்வதென்று தெரியாதவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் லூயிஸும் செய்தார். மேற்படிப்புக்குப் போனார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் முதுகலை. அதற்கு முன்பு, 1982-ல், மற்ற மாணவர்களைப் போல அவரும் நியூயார்க் முதலீட்டு வங்கிகளில் வேலை தேடியிருந்தார். கிடைக்கவில்லை. அந்த வருடங்களில் பிரின்ஸ்டனில் பொருளாதாரம் படிக்கக் கூட்டம் அலைமோதியது, வங்கி வேலைக்கு அதுதான் வாசல் என்று எல்லோரும் நம்பினார்கள். டொனாட்டெல்லோவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நின்ற ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டதில் வியப்பில்லை. லண்டனில் இரவு நேரங்களில் எழுதிப் பார்த்தார். எதைப் பற்றி எழுதுவது என்றே புரியவில்லை.

இந்த இடத்தில்தான் விருந்து வருகிறது.

1984 குளிர்காலம். இங்கிலாந்து ராணியின் தாயார் முன்னின்று நடத்திய நிதி திரட்டும் விருந்து, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில். ஜெர்மானியப் பிரபு ஒருவரை மணந்திருந்த தூரத்து உறவுக்காரப் பெண் ஒருவர் வழியாக லூயிஸுக்கு அழைப்பு வந்தது. மேசையில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவர், சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் மேலதிகாரி ஒருவரின் மனைவி. சாப்பிட்டு முடிப்பதற்குள் இந்தப் பையனைத் தன் கணவரின் வங்கியில் சேர்த்துவிடுவது என்று அந்த அம்மாள் தீர்மானித்துவிட்டார். கணவரை விடாமல் நச்சரித்து அதைச் செய்தும் காட்டினார். முன்பு முன்வாசலில் விண்ணப்பத்தோடு நின்றவருக்குத் திறக்காத கதவு, இப்போது பக்கவாசல் வழியாகத் திறந்தது.

சேர்ந்த நேரம் அப்படி. ஆயிரக்கணக்கான வீட்டுக் கடன்களை ஒன்றாகக் கட்டி, அதைக் கடன் பத்திரமாக்கி முதலீட்டாளர்களுக்கு விற்பது என்ற புதிய வியாபாரத்தை 1980-களில் சாலமன்தான் பெரிதாக வளர்த்துக்கொண்டிருந்தது. வால் ஸ்ட்ரீட்டின் குணமே அந்த மாடியில் மாறிக்கொண்டிருந்தது. நியூயார்க்கில் பயிற்சி முடிந்ததும் லூயிஸை லண்டன் கிளையில் கடன் பத்திரம் விற்கப் போட்டார்கள். போதாததற்கு, டெரிவேட்டிவ் என்னும் சிக்கலான ஒப்பந்தங்களுக்கு அவர்தான் நிபுணர் என்றும் ஆக்கிவிட்டார்கள். ஒன்றரை வருடத்தில் பெரிய முதலீட்டாளர்களுக்கு ஆலோசனை சொல்வதற்காக அவருக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுத்தார்கள். பணத்தைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவருக்கு இவ்வளவு தருகிறார்கள் என்றால் இந்த உலகத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. எழுத விஷயம் கிடைத்துவிட்டது.

பேச்சில் வராத ஒரு விவரத்தை இங்கே சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரே இரவில் விழுந்த அதிர்ஷ்டம் என்று கதையைத் தவறாகப் படித்துவிடுவோம். வங்கியில் இருந்த காலத்திலேயே லூயிஸ் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதலீட்டு வங்கியாளர்களுக்கு அளவுக்கு மீறிச் சம்பளம் தரப்படுகிறது என்று அவர் எழுதிய ஒரு கட்டுரை அலுவலகத்தில் சலசலப்பை உண்டாக்கியது. அதற்குப் பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை, பெயரை மாற்றிக்கொண்டார். டயானா பிளீக்கர் என்ற பெயரில் கட்டுரைகள் வந்தன. அது அவருடைய அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். பகலில் பத்திர வியாபாரம், இரவில் அம்மாவின் பெயரில் எழுத்து. வேலையை விடும்போது அவர் புதிதாக எழுத்தாளர் ஆகவில்லை. சில வருடங்களாகவே எழுதிக்கொண்டிருந்தவர், சம்பளத்தை மட்டும் விட்டார்.

அந்தச் சம்பளம் சின்னத் தொகை இல்லை. புத்தகத்துக்குப் பதிப்பகம் தருவதாகச் சொன்ன முன்பணம் 40,000 டாலர். வங்கியில் இருந்தால் போகப் போகக் கோடிகள். அப்பாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பத்து வருடம் அங்கேயே இரு, சம்பாதித்துக்கொள், பிறகு எழுதலாமே என்றார் அப்பா. எந்த ஊர் அப்பாவும் இதைத்தான் சொல்லியிருப்பார், அதில் தப்புக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. மகனுக்கு அதை யோசிக்கவே தேவைப்படவில்லை. பத்து வருடம் கழித்து வங்கியில் தன்னைவிட மூத்தவர்கள் எப்படி ஆகியிருக்கிறார்கள் என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். எழுத வேண்டும் என்ற வேகம் பத்து வருடம் தனக்காகக் காத்திருக்காது என்று தோன்றியது. 1988-ல் வெளியே வந்தார். 1989-ல் ‘லையர்ஸ் போக்கர்’ வந்தது. பத்து லட்சம் பிரதிகள் விற்ற புத்தகம் அது.

உடனே எல்லோரும் அவரைப் பிறவி எழுத்தாளர் என்று சொல்லத் தொடங்கினார்கள். தேவாலயத்தில் மாணவர்களிடம் அவர் மறுத்தது இதைத்தான். அந்த விருந்தில் அந்த நாற்காலி கிடைக்க என்ன வாய்ப்பு இருந்தது? அதே வங்கியில், அதே வருடங்களில், எல்லாவற்றையும் பார்க்கத் தோதான அந்த இடத்தில் உட்கார என்ன வாய்ப்பு? கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு விரட்டாமல், பெருமூச்சு விட்டுவிட்டு உன் இஷ்டம் என்று சொல்லும் பெற்றோர் அமைய என்ன வாய்ப்பு? எழுதியே ஆக வேண்டும் என்ற வேகத்தை ஏற்றிவிட ஒரு பேராசிரியர் அமைய? முதலில் பிரின்ஸ்டனில் இடம் கிடைக்க? இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனார். ஜெயித்தவர்களுக்குத் தங்கள் ஜெயிப்பில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு என்று கேட்கப் பிடிக்காது, வயதாக வயதாகத் தங்கள் வெற்றி நடந்தே தீர வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, 2010-ல், இதே விழாவில் பேசியவர் அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ். அவரும் பிரின்ஸ்டன் பழைய மாணவர்தான், 1986-ல் பட்டம் வாங்கியவர். நல்ல சம்பளத்தில் இருந்த நிதி நிறுவன வேலையை விட்டுவிட்டு இணையத்தில் புத்தகம் விற்கப் போகிறேன் என்றபோது, அவருடைய முதலாளி பூங்காவில் நெடுந்தூரம் கூட்டிக்கொண்டு நடந்து, கையில் வேலை இல்லாத ஒருவருக்கு இது இன்னும் நல்ல யோசனை என்று சொன்னாராம். பெசோஸின் பேச்சு முழுக்க நாம் செய்யும் தேர்வுகளைப் பற்றியது. தேர்வுகள்தான் ஒரு மனிதனை ஆக்குகின்றன என்று முடிந்தது அது. இரண்டு பேரின் பாதையும் வளைந்ததுதான். ஒருவர் வளைவைத் தன் கையால் திருப்பியதாகச் சொன்னார், மற்றவர் பாதி நேரம் ஸ்டியரிங் தன் கையிலேயே இல்லை என்றார். இரண்டில் கேட்கச் சுகமானது முதலாவது. மாணவர்களுக்கு அதிகம் உதவக்கூடியது இரண்டாவது என்று தோன்றுகிறது. ஏனென்றால் பக்கத்து நாற்காலி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சமூகவியலாளர்கள் ஆராய்ந்தே வைத்திருக்கிறார்கள்.

பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியிருந்த தொழில்முறைப் பணியாளர்களையும் நிர்வாகிகளையும் மார்க் கிரானோவெட்டர் என்ற இளம் ஆய்வாளர் விசாரித்தார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தது என்று சொன்னவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்றது ஆறில் ஒருவர்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் பாதிக்கும் மேல். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் என்றவர்கள் கால்வாசிக்கும் மேல். கல்லூரியில் கூடப் படித்து விட்டுப்போன ஒருவர், பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்த ஒருவர், இப்படிப்பட்டவர்கள். 1973-ல் இதை வைத்து அவர் எழுதிய கட்டுரை சமூகவியலில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் கட்டுரைகளில் ஒன்று.

காரணம் எளிமையானது. நெருங்கிய நண்பர்கள் நான்கு பேர் என்றால் நான்கு பேருக்கும் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே வகுப்பு, ஒரே வாட்ஸப் குழு, ஒரே நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தவர்கள். அவர்களுக்கு உங்கள் மேல் அக்கறை அதிகம், ஆனால் புதிய தகவல் எதுவும் அவர்களிடம் இல்லை. எப்போதாவது பார்க்கும் ஒருவர் வேறு வட்டத்தில் புழங்குகிறவர். நீங்கள் கேள்விப்படாத வேலை அவர் காதில் விழுந்திருக்கும். 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் அதிகமானவர்களை ஐந்து வருடம் கவனித்து இதைச் சோதித்துப் பார்த்தது. வேலை மாற அதிகம் உதவியது ஓரளவு பழக்கம் மட்டும் உள்ளவர்கள்தான் என்று தெரிந்தது. அறவே பழக்கமில்லாதவர்களாலும் அந்த அளவுக்குப் பயன் இல்லை, நெருங்கியவர்களாலும் இல்லை.

லூயிஸின் கதை இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. தூரத்து உறவு, முன்பின் தெரியாத அம்மாள், அவருடைய கணவர். மூன்று பேருமே அவருடைய அன்றாட வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள்.

ஆனால் இதே இடத்தில் ஓர் உறுத்தலும் இருக்கிறது. அரண்மனை விருந்துக்கு யாருக்கு அழைப்பு வரும்? நியூ ஆர்லியன்ஸ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் லூயிஸ். பிரின்ஸ்டன் பட்டம் இருந்தது, பிரபு வீட்டில் வாழ்க்கைப்பட்ட உறவு இருந்தது, வேலையை விட்டால் பட்டினி கிடக்க விடாத வீடு இருந்தது. தூரத்துப் பழக்கம் வேலை வாங்கித் தரும் என்பது உண்மையென்றால், அந்தத் தூரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது பிறந்த இடத்தைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக, கல்விக் கடனோடு, திண்டுக்கல்லிலோ திருவண்ணாமலையிலோ கல்லூரி முடிக்கும் ஒரு பெண்ணிடம் நேர்கோட்டை விட்டு விலகிப் பார் என்று சொல்வது சுலபம். மாதத் தவணை கட்டப் போவது சொன்னவர் இல்லை. வளைந்த பாதைகளைக் கொண்டாடும் பேச்சுகள் பலவற்றில் இந்தக் கணக்கு வருவதே இல்லை. லூயிஸ் அதை மறைக்கவில்லை. தனக்குக் கிடைத்தவற்றின் பட்டியலில் பெற்றோரையும் பிரின்ஸ்டனையும் அவரே சேர்த்தார். அந்தப் பேச்சின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு, அது எல்லாப் பிரிவு உபசாரப் பேச்சுகளுக்கும் பொதுவானது. மேடைக்கு அழைக்கப்படுகிறவர் வளைந்து போய் ஜெயித்தவர். அதே 1988-ல் நல்ல வேலையை விட்டுவிட்டுப் புத்தகம் எழுதப் போய், அது விற்காமல், திரும்பி வந்து கிடைத்த வேலையில் சேர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களை எந்தக் கல்லூரியும் பேசக் கூப்பிடுவதில்லை.

வசதியான பின்னணியும் விருந்தும் இல்லாத ஒரு வளைந்த பாதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விஷயங்கள் தெரியும். சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் பாதை அது. பெற்றோர் இருவரும் விஞ்ஞானிகள், மூன்று வயதிலேயே குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. ஐஐடி நுழைவுத் தேர்விலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரித் தேர்விலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பரோடா மருத்துவக் கல்லூரியில் கிடைத்தது. அதே சமயம் அறிவியல் படிப்பவர்களுக்கான தேசிய உதவித்தொகையும் கிடைக்க, மருத்துவத்தை விட்டு இயற்பியலில் சேர்ந்தார். அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் 1976-ல் இயற்பியலில் முனைவர் பட்டம். அதை வாங்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது, இயற்பியலில் தன்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று. அறிவியல் இதழ்களைப் புரட்டும்போது புதிய கண்டுபிடிப்புகள் எல்லாம் உயிரியலில் நடப்பதாகப் பட்டது.

முனைவர் பட்டம் வாங்கியவர் சான் டியேகோவில் மறுபடியும் உயிரியல் மாணவராக முதலிலிருந்து தொடங்கினார். அப்போது கல்யாணம் ஆகிவிட்டிருந்தது, வீட்டில் குழந்தைகளும் இருந்தார்கள். இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு, இரண்டாவது முனைவர் பட்டத்துக்குக் காத்திராமல், யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூர் என்பவரின் ஆய்வகத்துக்குப் போனார். செல்லுக்குள் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமை நியூட்ரான் கற்றைகளைக் கொண்டு ஆராயும் வேலை. கருவி இயற்பியலுடையது, கேள்வி உயிரியலுடையது. இரண்டும் தெரிந்த ஆள் அங்கே தேவைப்பட்டார். விட்டுவிட்டு வந்ததாக நினைத்த இயற்பியல்தான் அவருக்கு அந்த இடத்தை வாங்கிக்கொடுத்தது.

அதற்குப் பிறகும் நேர்ப்பாதை அமையவில்லை. பேராசிரியர் வேலைக்கு ஏறக்குறைய 50 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார், எதுவும் கிடைக்கவில்லை. அரசு ஆய்வகங்களில் வேலை பார்த்தார், அதில் புரூக்ஹேவனில் மட்டும் 12 வருடம். நியூட்ரான் முறையால் ரைபோசோமின் உள்ளமைப்பை முழுசாகப் பார்க்க முடியாது என்று புரிந்தபோது, நாற்பது வயதை நெருங்கும் நேரத்தில், கேம்பிரிட்ஜில் ஒரு வருடம் தங்கிப் படிக இயலைக் கற்றுக்கொண்டார். 1995-ல் யூட்டா பல்கலைக்கழகம். 1999-ல், சம்பளம் நன்றாகக் குறையும் என்று தெரிந்தே, கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்கு மாறினார். வருடாவருடம் ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்காமல் நீண்ட நாள் ஒரே கேள்வியைத் துரத்த அங்கே இடம் இருந்தது. அடுத்த வருடமே ரைபோசோமின் சிறிய பாகத்தின் அணு அமைப்பை அவருடைய குழு வெளியிட்டது. 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, உயிரியலில் வேலை செய்தவருக்கு வேதியியலில் பரிசு.

இரண்டு பாதைகளையும் அருகருகே வைத்தால் ஒரு விஷயம் தட்டுப்படுகிறது. நிறுவனம் மாறியது, ஊர் மாறியது, துறையின் பெயர்கூட மாறியது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதோ ஒன்றைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறார்கள். லூயிஸ் வங்கிக்கு எழுத்தை எடுத்துப் போனார், எழுத்துக்கு வங்கியை எடுத்து வந்தார். ராமகிருஷ்ணன் உயிரியலுக்கு இயற்பியலை எடுத்துப் போனார். திருப்பத்துக்கும் வெறும் அலைச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கேதான் கண்டுபிடிக்கலாம். மூன்று வேலை மாறியபின் நான்காவது வேலைக்கு முந்தைய மூன்றிலிருந்தும் எதுவுமே பயன்படவில்லை என்றால், அது வேலை மாறியது மட்டுமே. ஏதோ ஒன்று கூடவே வந்துகொண்டிருந்தால், வெளியே எவ்வளவு கோணலாகத் தெரிந்தாலும் உள்ளே தொடர்ச்சி இருக்கிறது. அடுத்த முறை நேர்முகத் தேர்வில் இதற்கும் முன்பு பார்த்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சொல்ல வேண்டிய பதிலும் அதுதான்.

வேலை மாறுவது நினைப்பதைவிடச் சாதாரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1957-க்கும் 1964-க்கும் இடையில் பிறந்த அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கானவர்களை அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. லூயிஸின் தலைமுறை. 18 வயதிலிருந்து 54 வயதுக்குள் அவர்கள் பார்த்த வேலைகள் சராசரியாக 12.4. அதில் ஏறக்குறைய பாதி 25 வயதுக்கு முன்பே முடிந்துவிட்டன. படிக்கும்போது பார்த்த பகுதிநேர வேலைகளும் இந்தக் கணக்கில் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அப்படியும், ஒரே நிறுவனத்தில் நுழைந்து அங்கேயே ஓய்வு பெற்றவர் அந்தத் தலைமுறையில் அபூர்வம் என்பது தெரிகிறது. பயோடேட்டாவில் எல்லாம் நேராகத் தெரிவதற்குக் காரணம், அதைப் பின்னாலிருந்து எழுதுகிறோம். இன்றைய வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்த படிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறோம்.

தேவாலயப் பேச்சின் கடைசிப் பகுதி பிஸ்கட்டைப் பற்றியது. பெர்க்லி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் யாரோ ஒருவரைக் குலுக்கல் முறையில் தலைவராக்கினார்கள். தேர்வில் காப்பியடிப்பதை என்ன செய்வது என்பது மாதிரியான ஒரு பிரச்சினையைப் பேசித் தீர்க்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு தட்டில் நான்கு பிஸ்கட் கொண்டுவந்து வைத்தார்கள். ஆளுக்கு ஒன்று போக மிச்சம் ஒன்று. அதை யார் எடுப்பது என்பதில் சங்கடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரும்பாலும் தலைவரே எடுத்துச் சாப்பிட்டார், அதுவும் வாயைத் திறந்து, சப்புக்கொட்டி, சட்டையில் துகள் சிந்த. அவர் விசேஷமாக ஒன்றும் செய்திருக்கவில்லை, அரை மணிக்கு முன்பு சீட்டு அவர் பெயருக்கு விழுந்தது, அவ்வளவுதான். பிரின்ஸ்டன் மாணவர்களிடம், நீங்கள் எல்லோரும் அப்படித் தலைவராக்கப்பட்டவர்கள், நாளைக்கு இன்னும் நிறையப் பிஸ்கட் உங்கள் முன் வைக்கப்படும், அது உங்களுக்கே உரியது என்று நினைப்பது மிகச் சுலபமாக இருக்கும் என்று எச்சரித்தார்.

மாணவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. சொன்னது சொன்னபடியே போய்ச் சேரும் என்ற நம்பிக்கை லூயிஸுக்கே அதிகம் இருந்திருக்காது. ‘லையர்ஸ் போக்கர்’ எழுதியபோது அவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கடல் ஆராய்ச்சி செய்ய விரும்பும் கெட்டிக்காரப் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, வங்கி வேலையை உதறிவிட்டுக் கடலுக்குப் போக வேண்டும் என்பது. வால் ஸ்ட்ரீட்டைப் பார்த்து யாராவது விலகிப் போகட்டும் என்றுதான் எழுதினார். புத்தகம் வெளியாகி ஆறு மாதத்தில் அதே பல்கலைக்கழக மாணவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்ததாகப் பிறகு ‘தி பிக் ஷார்ட்’ நூலின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். வால் ஸ்ட்ரீட்டில் நுழைய இன்னும் ஏதாவது வழி தெரிந்தால் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள்.